ஒரு கட்டை கேட்டால் ஆறு கட்டையில் நிற்கும் குரல்

சுருதி சேரவில்லை என்று சொல்லிக்கொண்டு பெரியவர்கள் யாராவது என்னிடம் பாட்டு கற்க வந்தால், முதல் வகுப்பில் அவர்களுக்கு சரளி வரிசை கிடையாது. வாயை மூடி, தங்களுக்கு எது சௌகரியமோ அந்த உயரத்தில் ஒரு ‘ம்…’ போடச் சொல்வேன். அவர்கள் போட்ட அந்த ‘ம்’மில் நான் போய்ச் சேர்ந்துகொள்வேன். வழக்கம் இதற்கு நேர்மாறானது. வாத்தியார் ஒரு ஸ கொடுப்பார், மாணவர் அதைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்கத் தெரியாமல்தானே மனுஷன் வந்திருக்கிறார்? தெரியாததையே முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டு, “காது இல்லை” என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. சுருதி விலகிப் பாடுகிற பலருக்குக் காதும் சரியாக இருக்கிறது, தொண்டையும் சரியாக இருக்கிறது. காது கேட்டதைத் தொண்டையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம்தான் இல்லை. அந்தப் பழக்கம் சின்ன வயதில் தானாக வந்துவிட்டவர்கள் அதை ஒரு தனித் திறமையாக நினைப்பதே இல்லை. அதனால் அதைச் சொல்லிக்கொடுக்கவும் தோன்றுவதில்லை.

எல்லோரையும் பற்றிப் பொதுவாகச் சொல்வதைவிட ஒருவரைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். இரும்புக் கடை வைத்திருப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர். புரட்டாசி சனிக்கிழமைகளில் தெருவில் பஜனை கோஷ்டியோடு போவார். கோஷ்டியில் ஒருவர் மெதுவாக, “அண்ணே, நீங்க ஜால்ராவை மட்டும் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டாராம். “கடையில எனக்குப் பசங்க ஜால்ரா போடுறாங்க, தெருவுல நான் போடுறேன்” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் ஜால்ரா அவர் கையில் தாளம் பிசகாமல் விழுந்தது. அதைக் குறித்துக்கொண்டேன்.

ஆர்மோனியத்தில் ஒரே ஒரு ரீட் மட்டும் திறந்து ஒரு கட்டை ஸ வைத்தேன். கட்டை என்பது ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு நாம் சொல்லும் எண். ஆண்குரலுக்கான அந்த ஸ கிட்டத்தட்ட 131 ஹெர்ட்ஸ். அவர் பாடினார். கைபேசியில் ஒரு டியூனர் செயலியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். 110 ஹெர்ட்ஸ் அருகில் காட்டியது. அதாவது கீழ் ஆறு கட்டை. ஸ கேட்டதற்கு மந்திர ஸ்தாயி சதுஸ்ருதி தைவதத்தில் நிற்கிறார். ஆர்மோனியத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அடுத்தடுத்து வரும் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே உள்ள தூரம் ஓர் அரைச்சுரம். அவர் மூன்று அரைச்சுரம் இறக்கம். அடுத்து இரண்டு கட்டை வைத்தேன். குரல் ஏறியது, ஆனால் ஒரு துளிதான். மூன்று கட்டைக்கும் அதே கதை. பிறகு கீழே இறங்கி, 98 ஹெர்ட்ஸில் இருக்கும் மந்திர ஐந்து கட்டையை வைத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் மேலே நின்றார்.

இதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் கண்டபடி பாடவில்லை. எங்கே கூப்பிட்டாலும் குரல் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்க மறுக்கிறது. அந்தத் திண்ணை அவர் சாதாரணமாகப் பேசும் உயரம். மேலே கேட்டால் போதிய அளவு ஏறாது, கீழே கேட்டால் போதிய அளவு இறங்காது. இப்படிச் சுருங்கிப் பாடுவது சுருதி விலகுகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கக்கூடியது. தப்பு ஒரே மாதிரியாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் அதற்கு வைத்தியம் உண்டு.

அடுத்து காதைச் சோதிக்க வேண்டும். அரைச்சுர இடைவெளியில் இரண்டு ஸ்வரங்களை வாசித்து எது மேலே என்று கேட்டேன். தடுமாறாமல் சொன்னார். பிறகு ஆர்மோனியத்தில் ஸ-வை விடாமல் பிடித்துக்கொண்டு, மின்சுருதிப் பெட்டியின் நுண்சுருதிக் குமிழை அவர் கையில் கொடுத்தேன். “இரண்டும் ஒண்ணா ஆகிற வரைக்கும் திருப்புங்க சார்.” அந்தப் பக்கம் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினார். சேரும் இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டார். குமிழ் கையில் இருந்தால் சுருதி சேர்க்கத் தெரிகிறது. அதே வேலையைக் குரல் வழியாகச் செய்யச் சொன்னால் மூன்று அரைச்சுரம் விலகுகிறது. அப்படியானால் கோளாறு காதில் இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது, அவருக்கும் சேர்த்து.

இந்தக் குமிழ்ச் சோதனை என் கண்டுபிடிப்பு அல்ல. மாண்ட்ரியலில் ஷான் ஹச்சின்ஸ், இசபெல் பெரெட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இசைப் பயிற்சி இல்லாதவர்களிடம் ஒரு நழுவுபட்டையைக் கொடுத்துச் சுருதி சேர்க்கச் சொன்னார்கள், குரலாலும் சேர்க்கச் சொன்னார்கள். பட்டையில் நன்றாகச் சேர்த்தவர்களில் பலர் குரலில் தவறினார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வாத்திய ஒலியை விட, தங்கள் சொந்தக் குரலின் பதிவைப் பின்பற்றிச் சேர்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஒலியின் நிறம் மாறினால், அதைத் தன் குரலுக்கு மாற்றிக்கொள்வதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது. வாத்தியக்காரர்களுக்குச் சுலபமாகத் தெரிகிற தம்புரா, புதிதாகப் பாட வருகிறவருக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, முதலில் சொன்ன ‘ம்’ முனகலுக்கு வருவோம். உதடுகள் லேசாக மூடியிருக்க வேண்டும், உள்ளே பற்கள் ஒன்றோடொன்று தொடக்கூடாது. தாடை தளர்ந்து தொங்கட்டும். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு போடும் சத்தம் போதும். நான்கைந்து விநாடிக்கு மேல் நீட்ட வேண்டாம். நீட்டினால் மூச்சு தீர்ந்து கடைசியில் சுருதி சரியும், அந்தச் சரிவும் பழகிவிடும். முனகலை நான் விரும்புவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வாயைத் திறந்து பாடுகிறவர் தயக்கம் வந்தால் சத்தத்தைக் கூட்டிவிடுவார். கூட்டினால் தன் சத்தமே காதை நிரப்பிவிடும், எதிரே இருக்கும் சுருதி கேட்காது. முனகலில் அப்படிக் கூட்ட வழியில்லை. உதட்டிலும் மூக்குத் தண்டிலும் அதிர்வும் தெரியும். தன் குரல் எங்கே இருக்கிறது என்பதைக் காதுக்கு முன் உடம்பே சொல்லிவிடும்.

அவர் தன் 110இல் முனகினார். நானும் அதே உயரத்துக்கு இறங்கி முனகினேன். நிறுத்திவிட்டு, “என்ன சார், ரெண்டு சத்தமும் ஒண்ணா போயிடுச்சு?” என்றார். இதற்கு முன்னால் அவர் இன்னொரு குரலோடு சேர்ந்து ஒலித்ததே இல்லை. சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாத ஒருவரிடம் “சேருங்கள், சேருங்கள்” என்று எத்தனை வருஷம் சொன்னாலும் என்ன பலன்? மறுபடி இருவரும் முனகினோம். இந்த முறை நான் வேண்டுமென்றே ஒரு அரைச்சுரம் மேலே நகர்ந்தேன். முகத்தைச் சுளித்தார். திரும்பி வந்தேன், முகம் தெளிந்தது. இன்னும் மெல்லிய விலகலாக நகர்ந்தபோது, ஒலி அலையலையாகத் துடித்தது. ஒரு குரல் 110இலும் இன்னொன்று 113இலும் இருந்தால் விநாடிக்கு மூன்று முறை அந்தத் துடிப்பு வரும். நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகி, சேர்ந்ததும் காணாமல் போகும். மனிதக் குரல் அசையாமல் நிற்காது என்பதால் துடிப்பு எண்ணுகிற மாதிரி கேட்காது, கரகரப்பாகத்தான் தெரியும். ஆனாலும் அது போய்விட்டதா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். முதல் சில வகுப்புகள் இந்த ஒன்றுதான். அவர் அசையக் கூடாது, நான் விலகுவேன், சேர்வேன். எப்போது சேர்ந்தது என்று அவர் கையைத் தூக்க வேண்டும்.

இதற்கப்புறம் குரலை நகர்த்த வேண்டும். நகர்த்துவதில்தான் யாரும் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. “கொஞ்சம் மேலே போங்க” என்று நான் சொன்னபோது இரும்புக் கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். உயரம் அப்படியே இருந்தது. “இன்னும் மேலே” என்றேன். இன்னும் சத்தம், கழுத்து நரம்பு புடைத்தது. அவரைப் பொறுத்தவரை மேலே என்றால் பலமாக என்று அர்த்தம். வானொலியில் ஒலியைக் கூட்டுவதையும் ‘ஏத்து’ என்றுதான் சொல்கிறோம், அவரைக் குறை சொல்ல முடியாது. குரல் உயரக் குரல் நாண்கள் இழுபட்டு நீண்டு மெலிய வேண்டும். குரல்வளையின் முன்பக்கத்தில் இருக்கும் ஒரு சிறிய தசை அதைச் செய்கிறது. பேச்சில் அந்தத் தசைக்குப் பெரிய வேலை இல்லை. அதைத் தனியாக எழுப்ப வேண்டும், அதுவும் சத்தம் கூடாமல்.

அதற்குத்தான் சங்கு. மில் சங்கு ஊதுமே, அது. கீழே தொடங்கி வழுக்கிக்கொண்டே மேலே போய், நிற்காமல் கீழே வரும். ‘ஊ’ என்று உதட்டைக் குவித்துச் செய்யலாம். கழுத்து இறுகுகிறவர்களுக்கு, குழந்தைகள் வண்டி ஓட்டும்போது செய்கிற மாதிரி உதட்டைப் படபடவென்று அதிரவிட்டுச் செய்தால் சுலபம். எந்த ஸ்வரத்தையும் தொட வேண்டியதில்லை, எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. குறி இல்லாததால் தப்பும் இல்லை. மேலே போகப் போகச் சத்தம் குறைய வேண்டும் என்பது மட்டும் விதி. அவருக்கு நடுவில் ஓரிடத்தில் குரல் சேவல் மாதிரி முறிந்து கள்ளக்குரலுக்குத் தாவியது. வெட்கப்பட்டார். ஆண்குரலில் அப்படி ஒரு கதவு இருக்கத்தான் செய்கிறது. அந்த இடத்தில் வேகத்தையும் சத்தத்தையும் குறைத்தால் முறிவு மெல்ல மங்கும். மங்காவிட்டாலும் இப்போதைக்குப் பாதகமில்லை, நமக்கு வேண்டிய ஸ அதற்கு ரொம்பக் கீழேயே இருக்கிறது.

பெரிய சங்கு வந்த பிறகு என் கையை உயர்த்தித் தாழ்த்தி, அதன்படி குரலைக் கொண்டுபோகச் சொன்னேன். பிறகு அவர் கையை அசைப்பார், நான் ஊத வேண்டும். என்னை அவர் ஆட்டிவைத்த அந்த வகுப்பில்தான் உயரமும் சத்தமும் வேறு வேறு என்பது அவருக்குப் பிடிபட்டது. அப்புறம் சங்கைச் சிறிதாக்கினோம். மூன்று நான்கு அரைச்சுரத்துக்குள் ஏறி இறங்குவது, பெரிய சங்கை விடக் கஷ்டம். பெரியதில் தசையைச் சும்மா வீசிவிடலாம், சின்னதில் அளந்து இழுக்க வேண்டும். பாட்டுக்குத் தேவைப்படுவது இந்த அளந்த இழுப்புதான்.

இனி வழுக்கல். அவருடைய 110இல் இருவரும் சேர்ந்து முனகுகிறோம். சேர்ந்தபடியே நான் மெதுவாக மேலே நகர்கிறேன், அவர் என்னை விடாமல் கூடவே வருகிறார். சில விநாடிகளில் 131இல், ஒரு கட்டை ஸ-வில் நிற்கிறோம். நேராகக் கேட்டபோது வராத ஸ, நடந்து போனபோது வந்துவிட்டது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால், வாத்தியார் பக்கத்தில் இருக்கும்வரை மட்டும் வரும்.

ஆகவே அடுத்தது எனக்குப் பிடித்த பயிற்சி. ஆர்மோனியம் ஸ-வைப் பிடித்துக்கொண்டிருக்கும், நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் கீழிருந்து வழுக்கிக்கொண்டு ஏறி, ஸ-வில் நிற்காமல் தாண்டி, ரிஷபம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். தாண்டும்போது கையைத் தட்ட வேண்டும். நிற்பதற்கு முன் தாண்டக் கற்க வேண்டும் என்பது என் கட்சி. நிற்கச் சொன்னால் பயத்தில் முன்கூட்டியே நின்றுவிடுவார்கள், அதுவும் பழைய திண்ணைக்குப் பக்கத்திலேயே. தாண்டச் சொன்னால் கரகரப்பு வருவதும், தெளிவதும், மறுபடி கரகரப்பு வருவதும் ஒரே ஓட்டத்தில் காதில் விழும். இரண்டு கரகரப்புக்கு நடுவே உள்ள தெளிந்த இடம்தான் ஸ. அதைக் கைதட்டிச் சரியாகக் காட்ட முடிந்த பிறகு, அங்கே நிற்பது பெரிய விஷயமாக இல்லை. மேலிருந்து இறங்கி வந்தும் செய்ய வேண்டும். கீழிருந்து மட்டுமே பழகியவர்கள் எப்போதும் ஒரு நூல் இறக்கமாகவே நின்றுவிடுவார்கள்.

பிறகு வழுக்கலைக் குறைக்க வேண்டும். முதலில் மூன்று அரைச்சுரம் கீழிருந்து, அப்புறம் ஒன்று, அப்புறம் வெறும் தொடுகை. கடைசியில் சத்தமில்லாத வழுக்கல். ஸ-வைக் கேட்டு, மூச்சை எடுத்து, மனசுக்குள் வழுக்கிப் போய் நின்று, அதற்குப் பிறகே குரல். இந்த மௌன இடைவெளியை அவசரப்பட்டு விடக் கூடாது. சுருதி விலகுகிறவர்கள் பெரும்பாலும் கேட்டு முடிக்கும் முன்பே பாடத் தொடங்கிவிடுவார்கள். வழுக்கலைக் குறைக்காமல் விட்டால் வேறு ஒரு தொல்லை வரும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீழிருந்து தேடிப்பிடிக்கும் வழக்கம் ஒட்டிக்கொள்ளும். நம் சங்கீதத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற ஜாரு அழகுதான், ஆனால் தெரிந்து போடுகிற ஜாரு வேறு, தெரியாமல் தேடுகிற ஜாரு வேறு. கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

தவறினால் என்ன செய்வது என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுக்க விடமாட்டேன். தப்பாக எந்த ஸ்வரத்தில் நிற்கிறாரோ அதைப் பிடித்துக்கொண்டே, மேலேயா கீழேயா என்று கேட்டு, அங்கிருந்து வழுக்கிச் சேர வேண்டும். நிறுத்தினால் காது செய்த கணக்கு வீணாகிவிடும்.

வீட்டில் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சில கண்ணிகள் உண்டு. தம்புரா செயலியை முதலில் வைக்காதீர்கள். அதில் ஸ, ப, மேல் ஸ எல்லாம் ஒலிக்கும், நன்றாகச் சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரம்கூடக் கேட்கும். புதியவர் பஞ்சமத்தில் போய் நின்றுகொண்டு சேர்ந்துவிட்டதாக நம்புவார், அது இனிமையாகவும் இருக்கும். ஆண் வாத்தியாரிடம் கற்கும் பெண்களுக்கும், பெண் வாத்தியாரிடம் கற்கும் ஆண்களுக்கும் இதே பஞ்சம மயக்கம் வரும், ஸ்தாயி மாறிப் பிடிக்கத் தெரியாததால். ஒரே ஒரு ஸ்வரம், முடிந்தால் உங்கள் வகைக் குரலின் பதிவு, அது போதும். புளூடூத் காதொலிப்பானில் உங்கள் குரலையே கேட்டுக்கொண்டு பாட வேண்டாம், தாமதம் குழப்பிவிடும். ஒரு காதை மட்டும் உள்ளங்கையால் மூடினால் தன் குரலும் வெளிச் சுருதியும் இரண்டும் கேட்கும். டியூனர் செயலி முடிந்த பிறகு சரிபார்க்க மட்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே பாடினால் கண் சுருதி சேர்க்கும், காது வேடிக்கை பார்க்கும்.

இவ்வளவு செய்தும் பலனில்லாதவர்களும் உண்டு. அரைச்சுரம் அல்ல, பெரிய இடைவெளியில் வாசித்தாலும் எது மேலே என்று சொல்ல முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். பிறவியிலேயே சுருதி வித்தியாசம் பிடிபடாத ஒரு நிலை அது, அரிது. குமிழ்ச் சோதனையிலேயே தெரிந்துவிடும், அவர்களிடம் இந்தப் பயிற்சிகளைப் பெரிதாக நம்பச் சொல்ல மாட்டேன். மெல்லிய முனகலே விட்டுவிட்டு வருகிறது, கரகரப்பு பல வாரமாகப் போகவில்லை, பாடினால் வலிக்கிறது என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர், அப்புறம்தான் வாத்தியார். காது மந்தமாகி வருகிற வயதானவர்களுக்கும் அப்படியே.

இரும்புக் கடைக்காரருக்கு ஸ நிலைத்த பிறகு வாயைத் திறக்க வைத்தேன். ‘ம்’மிலிருந்து ‘மா’வுக்குத் திறந்த உடனே சுருதி அரைச்சுரத்தில் கால் பங்கு விழுந்தது. தாடையோடு நாக்கின் அடிப்பகுதியும் சேர்ந்து இறங்கிக் குரல்வளையை அமுக்கியது. ம்–மா–ம் என்று மூடித் திறந்து பழகியதில் அது சரியாயிற்று. பிறகு நாமாவளியின் ஒரு வரியை முழுவதும் ஒரே ஸ-வில் வசனம் போலச் சொன்னார். எழுத்து மாறினாலும் உயரம் மாறக் கூடாது. அப்புறம் அதே வரியின் மெட்டை வார்த்தையில்லாமல் முனகலாக, ஸ்வரங்களுக்கிடையே வழுக்கியபடி. அப்புறம்தான் வார்த்தை.

இப்போது மெதுவான நாமாவளிகளில் அவர் கோஷ்டியோடு சேர்ந்து நிற்கிறார். துரிதத்தில் ஸ-விலிருந்து ப-வுக்கு ஒரே தாவலாகப் போகும் இடங்களில் இன்னும் மத்தியமத்துக்கு அருகிலேயே விழுகிறார். குரல் சுருங்கும் அந்தப் பழைய வழக்கம் வேகத்தில் திரும்பி வருகிறது. அந்தத் தாவலைத் தனியாக எடுத்து, ஸ–ப வழுக்கலாகப் பெரிதாக்கி, நாளுக்கு நாள் சுருக்கிக்கொண்டிருக்கிறோம். கோஷ்டி எடுக்கும் மூன்று கட்டைச் சுருதி அவருக்குக் கொஞ்சம் உயரம் என்பதும் ஒரு காரணம். இரண்டு கட்டைக்கு இறக்க முடியுமா என்று ஆர்மோனியக்காரரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.